காதில் கொப்புளம், முகம் ஒரு பக்கம் கோணல்: உங்கள் வீட்டில் யாருக்காவது வந்ததா?

தண்டையார்பேட்டைக்காரி

எங்கள் அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வலது காதுக்குள் குத்துகிறது என்றார். மருந்துக்கடையில் கேட்டதற்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். சனிக்கிழமை வலி காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வரை இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் சீப்பு பட்டாலே கத்தினார். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், காதுத் துவாரத்தின் வாசலிலும் மடலின் குழிவிலும் கடுகு கடுகாக நீர்க்கொப்புளம், சுற்றிலும் சிவப்பு. பக்கத்து வீட்டு ஆயா பார்த்தவுடன் அக்கி என்று சொல்லி, கூட்டிப்போய்க் காவி குழைத்து எழுதவைத்துக் கொண்டுவந்தார்.

ஆயா சொன்ன பெயர் சரிதான், அது அக்கியேதான். ஆனால் காவி தோலின் மேலேயே நின்றுவிடுகிறது. உள்ளே நரம்பில் நடப்பதை அது தொடாது.

திங்கள் காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது ஓரமாக ஒழுகியது. முகம் கழுவும்போது அந்தக் கண் மூடவில்லை, சோப்பு உள்ளே போய் எரிந்தது. பக்கவாதம் என்று பயந்து ஆட்டோவில் ஸ்டான்லிக்கு ஓடினோம். டாக்டர் இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், பேசச் சொன்னார், எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் புருவத்தை உயர்த்தச் சொன்னார். இடது நெற்றியில் சுருக்கம் விழுந்தது, வலது நெற்றி மட்டும் மொழுமொழுவென்று அப்படியே இருந்தது. மூளையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் நெற்றி அசையும், இது முக நரம்பிலேயே கோளாறு என்றார். காது மடலை இழுத்து, காவிக்கு அடியில் இருந்த கொப்புளங்களைப் பார்த்ததும் அக்கி முக நரம்பையும் தாக்கியிருக்கிறது, இதற்குப் பெயர் ராம்சே ஹன்ட் என்று சொல்லி, அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கிவிட்டார்.

அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று போனில் அலாரம் வைத்துக் கொடுத்தோம். கூடவே ஸ்டீராய்டு. அதனால் சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறி, கொஞ்ச நாள் இன்சுலின் போட வேண்டியதாயிற்று. முகம் இப்போது ஏறக்குறைய பழையபடி வந்துவிட்டது. காதுதான் பாக்கி. வேறு யாருக்காவது இப்படி வந்திருந்தால் சொல்லுங்கள்.

வியாசர்பாடி கேரம்

அக்கா, இது பெல்ஸ் பால்சி என்கிற முகவாதம். எங்கள் சித்தப்பாவுக்கும் வந்தது. ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார், காலையில் வாய் கோணிவிட்டது. ஸ்டீராய்டு மட்டும்தான் கொடுத்தார்கள், நன்றாகிவிட்டார். வைரஸ் மாத்திரையெல்லாம் வீண் செலவு என்று அந்த டாக்டரே சொன்னார்.

ராயபுரம் சிஸ்டர்

தம்பி, சித்தப்பா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். கொப்புளம் இல்லாத முகவாதத்துக்கு ஸ்டீராய்டுதான் முக்கியம். அதோடு வைரஸ் மாத்திரையும் சேர்க்க வேண்டுமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் காதில் கொப்புளம் இருந்தால் கதையே வேறு. காற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் ரொம்ப காலம் வேலை பார்த்தவள் நான். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. காதுக்கு உள்ளே முக நரம்பில் ஒரு முடிச்சு இருக்கிறது, அங்கேயும் அது படுத்துக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது எழுந்துகொள்கிறது. அந்த நரம்பு போவது எலும்புக்குள் இருக்கும் ஒடுங்கிய குழாய் வழியாக. வீங்கினால் விரிய இடமில்லை, தானே நசுங்குகிறது. கேட்கும் நரம்பும் நிலை தடுமாறாமல் காக்கும் நரம்பும் பக்கத்திலேயே போவதால், காது மந்தம், இரைச்சல், தலைசுற்றல் எல்லாம் சேர்ந்து வருகிறது.

மாத்திரை செய்வது ஒன்றே ஒன்றுதான்: கிருமி பெருகுவதைத் தடுக்கும். செத்த நரம்பிழையை அது எழுப்பாது. அதனால்தான் நாள் கணக்கு. ஜப்பானிய மருத்துவர்கள் 1997இல் 80 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முகம் கோணி மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு முகம் முழுசாகத் திரும்பியது. ஒரு வாரம் கழித்துத் தொடங்கியவர்களில் பத்தில் மூன்று பேருக்குத்தான். சின்ன ஆய்வுதான், அந்த எண்ணிக்கையை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். நான்காம் நாள் ஆகிவிட்டதே என்று வீட்டில் உட்கார்ந்துவிடவும் வேண்டாம், அப்போதும் போங்கள்.

இன்னொன்று, அடுத்தவர் சீட்டைப் பார்த்துக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். இந்த மாத்திரை சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. கிரியாட்டினின் ஏறியிருந்தால் அளவைக் குறைத்தாக வேண்டும்.

எண்ணூர்க்காரன்

சிஸ்டர், எனக்குக் கொப்புளம் முதலில் வரவே இல்லை. கடுமையான காதுவலி, மறுநாள் முகம் கோணல். ஒரு கிளினிக்கில் முகவாதம் என்று ஸ்டீராய்டு மட்டும் கொடுத்து, கரண்ட் வைக்க அனுப்பினார்கள். கொப்புளம் அப்புறம்தான் வந்தது, அதுவும் காதில் ஒன்றிரண்டு, மேலண்ணத்தில் ஒரு பக்கமாக நாலைந்து. வாய்ப்புண் என்று நினைத்து விட்டுவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு வாரம் தாண்டிவிட்டது.

இப்போது சாப்பாட்டை மெல்லும்போதெல்லாம் இடது கண் தானாக மூடிக்கொள்கிறது. சிரித்தாலும் அப்படித்தான். நரம்பு மறுபடி வளரும்போது இழைகள் தடம் மாறிப் போய்ச் சேர்ந்துவிட்டன என்றார்கள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மெதுவாக முகத்தை அசைக்கும் பயிற்சி செய்கிறேன். கொஞ்சம் பரவாயில்லை. அந்த கரண்ட் வைத்ததால்தான் இப்படி ஆனதா?

ராயபுரம் சிஸ்டர்

அண்ணே, கரண்ட்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நரம்பு பலமாக அடிபட்டவர்களுக்கு அது இல்லாமலும் இப்படி வரும். கண்ணாடிப் பயிற்சியை விடாதீர்கள். இமை இழுப்புக்கு போடாக்ஸ் ஊசி உண்டு, கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன மேலண்ணத்துப் புண்ணை எல்லோரும் மனதில் வையுங்கள். முகம் கோணியவரின் காதை மட்டுமல்ல, வாயையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், அதுவும் தினமும். சிலருக்குக் கொப்புளமே வராமலும் இந்நோய் இருக்கும். அங்கேதான் டாக்டர்களே திணறுகிறார்கள்.

மூலக்கொத்தளம்

என் பையனுக்கும் தலைக்குக் குளித்தால் காதில் அரிப்பு, பொருக்கு பொருக்காக வருகிறது. இந்த அசைக்ளோவிர் வாங்கித் தரலாமா?

ராயபுரம் சிஸ்டர்

வேண்டாம்மா. கொப்புளமும் முகக் கோணலும் இல்லாமல் அரிப்பு மட்டும் என்றால் பூஞ்சையாக இருக்கலாம். காதைச் சுத்தம் செய்து பார்த்துத்தான் மருந்து சொல்வார்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றிவிடாதீர்கள்.

தண்டையார்பேட்டைக்காரி

சிஸ்டர், இரண்டு சந்தேகம். அம்மாவுக்கு வந்த சமயம் தங்கை மாசமாக இருந்தாள், அவளுக்கு அம்மை வந்ததே இல்லை. டாக்டர் அவளைத் தள்ளியிருக்கச் சொன்னார், வேறு தெருவில் தங்கவைத்தோம். சரிதானா? இன்னொன்று, அம்மா போனை வலது காதில் வைத்தால் குரல் தெரிகிறது, வார்த்தை புரியவில்லை என்கிறார்.

ராயபுரம் சிஸ்டர்

செய்தது ரொம்பச் சரி. கொப்புளத்து நீர் பட்டால், அம்மை வராதவர்களுக்கு அக்கியாக இல்லாமல் அம்மையாகவே வரும். எல்லாம் காய்ந்து பொருக்காகும் வரை மாசமானவர்களும் கைக்குழந்தைகளும் தள்ளியே இருக்க வேண்டும்.

காதுக்கு, கேட்கும் திறனை அளக்கும் பரிசோதனை தொடக்கத்தில் எடுத்த சீட்டு இருக்கிறதா? இப்போது ஒன்று எடுத்து இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். சிலருக்கு முகம் திரும்பினாலும் காது முழுசாகத் திரும்புவதில்லை. அம்மாவுக்கு எப்படிப் போகும் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. தூங்கும்போது வலது கண் இன்னும் லேசாகத் திறந்திருக்கிறதா, அதையும் பாருங்கள். திறந்திருந்தால் இரவில் கண் களிம்பு போட்டு, இமையை மூடி மேலே டேப் ஒட்டுவதை நிறுத்தாதீர்கள். கருவிழி காய்ந்தால் பார்வையும் போகும்.

தண்டையார்பேட்டைக்காரி

பழைய சீட்டு இருக்கிறது. வியாழக்கிழமை ஓ.பி.க்கு எடுத்துக்கொண்டு போகிறோம், எண் வந்ததும் இங்கே போடுகிறேன்.