“தண்ணி வந்தான்”: திருத்திச் சொல்வதா, குறியிடுவதா, விட்டுவிடுவதா?

தண்டையார்பேட்டை மாலை வகுப்பு

பீகாரிலிருந்து வந்து இங்கே தச்சு வேலையும் கட்டட வேலையும் பார்ப்பவர்களுக்குப் பேச்சுத் தமிழும் சிறிது எழுத்தும் சொல்லித்தருகிறேன். அவர்கள் பிழையாகச் சொன்னதைப் பேச்சோடு பேச்சாக நானே சரியாகச் சொல்லிக்காட்டும் ரீகாஸ்ட் முறையைத்தான் பெரும்பாலும் கையாள்கிறேன். சிலரிடம் அது காதோடு போய்விடுகிறது. சென்ற வாரம் ஒரு தச்சருடன் நடந்த உரையாடல் இது:

“காலையில தண்ணி வந்தான் சார், ரெண்டு குடம் பிடிச்சேன்.”

“அப்படியா, காலையிலேயே தண்ணி வந்துச்சா?”

“ஆமா சார், வந்தான். நல்லா வந்தான்.”

இந்தியில் தண்ணீர் ஆண்பால் என்பதால் இப்படிச் சொல்கிறார். அங்கே பஸ் பெண்பால் என்பதால், இதே மனிதர் ‘பஸ் வந்தாள்’ என்பார். பயிற்சித்தாளில் நிரப்பச் சொன்னால் அஃறிணை முடிவைச் சரியாகவே எழுதுகிறார். இத்தகையவர்களை நீங்கள் எப்படிக் கையாண்டீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கொருக்குப்பேட்டை

உங்கள் தச்சர் கவனக்குறைவானவர் அல்லர் சார். ‘தண்ணி வந்துச்சா?’ என்று நீங்கள் கேட்டதும், செய்தி உண்மையா என்று கேட்கிறீர்கள் என அவர் எடுத்துக்கொண்டார். கேள்விக்கு நேர்மையாகப் பதிலும் சொன்னார். கனடாவில் பிரெஞ்சு வழியில் நடந்த தொடக்கப்பள்ளி வகுப்புகளைப் பதிவுசெய்து லிஸ்டர், ராந்தா இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரிந்தது. ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் 55 விழுக்காடு ரீகாஸ்ட். ஆனால் அவற்றில் 31 விழுக்காட்டுக்குத்தான் மாணவர் ஏதேனும் எதிர்வினை காட்டினார்கள். எதிர்வினை இல்லாததாலேயே மனத்தில் பதியவில்லை என்று சொல்லிவிட முடியாது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். ‘அப்படியா’, ‘காலையிலேயே’ போன்றவற்றை நீக்கிவிட்டு, பிழையான இடத்தை மட்டும், கேள்வித் தொனி இல்லாமல், சற்று அழுத்தி, ‘தண்ணி வந்துச்சு’ என்று சொல்லி நிறுத்துவேன். நிறுத்திய பின் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கடினம். நம்மில் பலர் அந்த இடைவெளியைப் பொறுக்க மாட்டாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். ‘ழ’ ஒலியோ, தெரியாத ஒரு சொல்லோ என்றால் இவ்வளவு போதும். சொல்லின் வால்பகுதியில் வரும் பிழை காதுக்கு எளிதில் தட்டுப்படாது. அதிலும் உங்கள் தச்சருக்கு விதி தெரிந்திருக்கிறது. ஆகவே விடையை நீங்கள் கொடுக்காமல், ‘தண்ணி வந்…?’ என்று பாதியில் நிறுத்தி அவரையே முடிக்கச் சொல்லுங்கள். விதியே தெரியாதவரிடம் இப்படி நிறுத்தினால் அவர் விழிப்பார். அவருக்கு ரீகாஸ்ட்தான் பொருந்தும்.

சவுகார்பேட்டை கணக்கர்

நான் ஆசிரியன் அல்லன் என்றாலும், இவ்வளவு திருத்தம் தேவையில்லை என்பது என் அனுபவம். குழந்தைக்கு யார் இலக்கணம் சொல்லித்தருகிறார்கள்? கேட்கக் கேட்கத் தானாக வந்துவிடும். எங்கள் கடை முதலாளி ராஜஸ்தானிலிருந்து வந்தவர். ஒரு நாள்கூட வகுப்புக்குப் போனதில்லை, தமிழில் பேரம் பேசினால் நமக்கே மூச்சு முட்டும். இன்றும் ‘சரக்கு வந்தான்’ என்றுதான் சொல்வார். அதனால் யாருக்கு என்ன நட்டம்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கொருக்குப்பேட்டை

நீங்கள் சொல்வதில் பாதி சரி. பேரத்தின் நடுவே அவரைத் திருத்துவது அபத்தம். பொருள் விளங்குகிறது, வேலையும் நடக்கிறது. ஆனால் தானாக வந்துவிடும் என்பதற்கு அவரையே சான்றாகக் காட்டுகிறீர்களே! இத்தனை காலமாக நாள் முழுவதும் தமிழ் கேட்டும் அந்த ஒன்று மட்டும் வரவில்லை. பிறர் புரிந்துகொண்டுவிடுவதால் அதை மாற்றிக்கொள்ளும் தேவையே அவருக்கு எழவில்லை.

பெரம்பூரிலிருந்து ஒரு தாய்

என் மகளின் கட்டுரை நோட்டில் பக்க ஓரம் முழுவதும் ‘ச’, ‘ச’ என்று சிவப்பு மையால் எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தாம். ‘சரி’ என்று நினைத்து அவள் மகிழ்ந்துகொண்டிருந்தாள். அது சந்திப்பிழை என்று பிறகுதான் தெரிந்தது. இந்தக் குறியீடுகளுக்கு அரசு வெளியிட்ட பட்டியல் ஏதேனும் உண்டா?

தண்டையார்பேட்டை மாலை வகுப்பு

அம்மா, நான் கேட்டது தமிழைப் புதிதாகக் கற்கும் பெரியவர்களைப் பற்றி. இருந்தாலும் உங்கள் மகளுக்கு நேர்ந்ததும் பொருத்தமானதுதான்: குறியீட்டின் பொருளை ஆசிரியர் முதலிலேயே சொல்லி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதவைத்திருக்க வேண்டும். எங்கள் வகுப்புக்கு நாங்களே வகுத்துக்கொண்டவைதாம் உண்டு.

அவற்றில் ஒன்று இப்படிச் சிக்கியது. விடுப்புக் கடிதத்தில் ஒருவர் எழுதியது: ‘நாளை வேலைக்கு வரமாட்டேன். தம்பியை அழைத்துவர சென்ட்ரல் ரயில் நிலையம்க்கு போக வேண்டும். ஒரு நாள் சம்பளம்ஐ பிடித்துக்கொள்ளுங்கள்.’ முதல் பிழையின் அடியில் கோடிட்டு, வேற்றுமை என்பதைக் குறிக்க ‘வே’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் யோசித்து ‘நிலையம்இல்’ என்று மாற்றிக்கொண்டு வந்தார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கொருக்குப்பேட்டை

அவர் குறியீட்டுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார். ‘வே’ என்றதும் உருபு தவறு என்று புரிந்துகொண்டு, சரியாக இருந்த ‘க்கு’ என்பதைத் தூக்கிவிட்டார். தவறு உருபில் இல்லை. அதற்கு முன் ‘நிலையம்’ என்பது ‘நிலையத்து’ என்று ஆக வேண்டும். இதற்கு ‘அத்து’ என்றே நான் தனியாகக் குறிப்பேன். மரம், மரத்தை, பணம், பணத்தை என்று அவர்கள் ஏற்கெனவே படித்திருந்தால், அந்த ஒரு சொல் போதும். முதலாவதற்கு மட்டும் ‘அத்து’ எழுதிவிட்டு, ‘சம்பளம்ஐ’ இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். அந்த வரியில் எங்கே என்று அவரே தேடட்டும்.

‘நிலையத்திற்குப் போக’ என்பதில் ‘ப்’ விடுபட்டதை இப்போது தொட வேண்டாம். வல்லினம் மிகுமிடம் தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கே தகராறு. அதையும் குறித்தால் எதை முதலில் பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது. ஒரு தாளில் இரண்டு வகைப் பிழைகளுக்கு மேல் நான் குறிப்பதில்லை. சொல்லிக்கொடுக்காத வடிவத்துக்குக் குறியீடு போடுவதில் பயனில்லை. சரியான வடிவத்தை மேலே எழுதிக் கொடுத்துவிடுவதே மேல்.

எண்ணூர் தன்னார்வலர்

இரண்டு சொல்ல விரும்புகிறேன். எங்கள் வகுப்பில் ஒடிசாக்காரர் ஒருவர் ‘வந்துகினு இருக்கேன்’ என்கிறார். ரீகாஸ்ட் செய்து ‘வந்துகொண்டு’ என்று மாற்ற முயன்றோம், மறுநாளும் ‘வந்துகினு’தான்.

தண்டையார்பேட்டை மாலை வகுப்பு

அது பிழையே இல்லை. உடன் வேலை செய்கிறவர்களிடம் கேட்டு, இந்த ஊர்த் தமிழைச் சரியாகப் பிடித்திருக்கிறார். கடிதத்தில் வந்தால் மட்டும் ‘எழுத்து வழக்கு’ என்று ஓரத்தில் குறிக்கலாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கொருக்குப்பேட்டை

பேச்சில் விட்டுவிடுவதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் வாடகைக்கு வீடு கேட்கப் போகும் இடத்தில் அந்தப் பேச்சுக்காகவே கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வடிவங்களும் உண்டு என்பதையாவது வகுப்பில் சொல்லிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘பிழையே இல்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை.

எண்ணூர் தன்னார்வலர்

இரண்டாவது, அம்மா சொன்ன ‘தண்ணி வந்…?’ முறை பற்றியது. எங்கள் வகுப்பில் மேஸ்திரியும் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, மேஸ்திரியைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் அவர் அடுத்த நாள் வருவதில்லை. அவரிடம் ரீகாஸ்ட் மட்டுமே செய்கிறோம். அது ஏறவில்லை என்று தெரிந்தேதான் செய்கிறோம். தாளில் குறியிட்டுத் தனியாகக் கொடுக்கலாம் என்றால், அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். இப்படிப்பட்டவருக்கு வேறு வழி கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.