'டெபாசிட்' என்ற ஒரே சொல்லுக்கு இத்தாலியனில் மூன்று சொற்கள்: தமிழில் எப்படிப் பிரிப்பது?

செல்வி:
அனைவருக்கும் வணக்கம். மாமல்லபுரத்து விடுதி ஒன்றின் முன்பதிவு உறுதிக் கடிதம் இத்தாலியனில் வேண்டும். விருந்தினர் 2026 ஜனவரி 10 முதல் 13 வரை மூன்று இரவு தங்குகிறார். ஓர் இரவுக்கு 6,000 ரூபாய். தமிழ் மூலத்தில் உள்ள விதிகள் இவை:

"பதிவு செய்யும்போது ஓர் இரவு வாடகை டெபாசிட். செக்-இன்னுக்கு 72 மணி நேரம் முன்பு வரை ரத்து இலவசம். அதன்பின் டெபாசிட் திரும்பாது. வரும்போது 2,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும். செக்-இன் 12 மணி, செக்-அவுட் 12 மணி."

முதல் டெபாசிட்டும் கடைசி டெபாசிட்டும் ஒன்றல்ல என்று தெரிகிறது. நம் சொற்பட்டியலில் இரண்டுக்கும் சேர்த்து 'வைப்புத்தொகை' என்றுதான் இருக்கிறது. வங்கி டெபாசிட்டுக்கும் அதே சொல். எப்படிப் பிரிக்கலாம்?

குமரன்:
செல்வி, இரண்டாவது எளிது. அறையில் ஏதாவது உடைந்தால் பிடித்துக்கொள்வதற்கான பணம் அது. இத்தாலியனில் கவுட்ஸியோனே, தமிழில் 'காப்புத்தொகை' போதும். முதலாவதுக்குக் கண்ணை மூடிக்கொண்டு 'கபார்ரா கொன்ஃபெர்மத்தோரியா' என்று போடுங்கள். இத்தாலிய ஹோட்டல்களின் கடிதங்களில் அதைத்தான் பார்க்கிறோம். தமிழில் 'முன்பணம்'.

முத்தையா:
இங்கே மதுரைப் பக்கம் லாட்ஜ் பலகைகளில் '24 மணி நேர செக்-அவுட்' என்று இருக்கும். அதை இத்தாலியனுக்குக் கொண்டுபோனபோது '24 ore su 24' என்று போட்டார்கள். இரவு பகல் எந்நேரமும் காலி செய்யலாம் என்றுதான் அதற்குப் பொருள் வரும். நாம் சொல்வது வேறு: மாலை 5-க்கு வந்தால் மறுநாள் மாலை 5 வரை ஒரு நாள் கணக்கு. செல்வியின் விடுதியும் இந்தக் கணக்குத்தானே?

செல்வி:
இல்லை ஐயா, இங்கே நண்பகல் கணக்கு. எத்தனை மணிக்கு வந்தாலும் 12-க்குக் காலி செய்ய வேண்டும்.

ரவீந்திரன் (பலெர்மோ):
குமரன் சொல்வதில் பாதி சரி. இங்குள்ள ஹோட்டல்கள் அப்படி எழுதுவது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இத்தாலிய சிவில் சட்டத்தின் 1385ஆம் பிரிவு நிற்கிறது. பணம் கொடுத்தவர் வாக்குத் தவறினால் மற்றவர் ஒப்பந்தத்திலிருந்து விலகி அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளலாம். பணம் வாங்கியவர் தவறினால் கொடுத்தவர் இரட்டிப்பாகக் கேட்கலாம். செல்வியின் விடுதி அறையைக் கொடுக்க முடியாமல் போனால், கடிதத்தைப் படித்த இத்தாலியர் 12,000 ரூபாய் கேட்பார். மூலத்தில் அப்படி ஒரு வாக்குறுதியே இல்லை. ஒப்பந்தம் இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டது என்று பிறகு வாதாடலாம். ஆனால் சண்டையை மொழிபெயர்ப்பே கிளப்பிவிட்டதாக ஆகும்.

இன்னொன்று. மூலத்தில் விருந்தினருக்கு விலகும் உரிமை தரப்பட்டிருக்கிறது. விலகினால் அதற்கு விலை அந்த 6,000. அதற்குக் கிட்ட வருவது 1386ஆம் பிரிவில் உள்ள 'கபார்ரா பெனிதென்ட்ஸியாலே'. அதிலும் வாங்கியவர் விலகினால் இரட்டிப்புத்தான்.

முற்பணத்துக்கு நேரான இத்தாலியன் 'அக்கோந்தோ'. அது மொத்தத் தொகையின் ஒரு பகுதியை முன்னதாகக் கட்டுவது, அவ்வளவே. ஒப்பந்தம் முறிந்தால் அது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். ஆகவே அக்கோந்தோ என்று மட்டும் எழுதினால் விடுதிக்கு நட்டம், கபார்ரா என்று எழுதினால் விடுதிக்குச் சுமை.

அருள்மொழி:
அப்படியானால் தமிழிலும் மூன்றாகப் பிரிக்கத்தான் வேண்டும். கபார்ராவுக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் உண்டு: அச்சாரம். வீடு, மாடு, நிலம் எது பேசி முடித்தாலும் 'அச்சாரம் கொடுத்தாச்சு' என்றால் பேச்சு உறுதியாகிவிட்டது என்று பொருள். என் முன்மொழிவு: கொன்ஃபெர்மத்தோரியாவுக்கு 'உறுதி அச்சாரம்', பெனிதென்ட்ஸியாலேவுக்கு 'விலகல் அச்சாரம்'. அக்கோந்தோவுக்கு முன்பணம், கவுட்ஸியோனேவுக்குக் காப்புத்தொகை.

குமரன்:
அச்சாரம் கொடுத்தாலே உறுதிதான். அதற்கு முன்னால் இன்னொரு உறுதி எதற்கு? வெறும் அச்சாரம் என்றே விட்டுவிடலாம். 'விலகல் அச்சாரம்' நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஊர் அச்சாரத்தில், வாங்கியவர் பின்வாங்கினால் இரட்டிப்பு என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்களே. அந்தப் பொருள் சொல்லில் இல்லை.

அருள்மொழி:
கலைச்சொல் என்றால் வரையறையோடுதான் வரும். பட்டியலின் குறிப்புப் பத்தியில் இரட்டிப்பு விதியை எழுதிவிடலாம். அடைமொழி வேண்டும் என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் இரண்டு கபார்ராவும் மறுபடி ஒன்றாகிவிடும்.

செல்வி:
சொற்கள் பட்டியலுக்குச் சரி. இந்தக் கடிதத்தில் என்ன எழுதுவது?

ரவீந்திரன் (பலெர்மோ):
முதலில் உரிமையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: விடுதியே ரத்து செய்தால் என்ன தருவீர்கள்? வாங்கியதை மட்டும் திருப்பித் தருவோம் என்றால், கபார்ரா என்ற சொல்லையே தொடாதீர்கள். கட்டிய தொகை என்று பெயரில்லாமல் எழுதி, எப்போது அது திரும்பாது என்பதைச் சொல்லிவிடுங்கள்.

நேரத்திலும் கவனம் வேண்டும். 10ஆம் திகதி நண்பகலிலிருந்து 72 மணித்தியாலம் பின்னால் போனால் 7ஆம் திகதி நண்பகல். 'மூன்று நாளுக்கு முன்' என்று மாற்றினால் 7ஆம் திகதி முழுவதும் இலவசம் என்று படிப்பார்கள். 'என்த்ரோ' போட்டால் அந்த நாளும் அடங்கும், 'ப்ரீமா' போட்டால் முந்தின நாளோடு முடிந்துவிடும். ஆகவே மணியோடு நாளை எழுதுங்கள். ஜனவரியில் இத்தாலி இந்தியாவுக்கு நாலரை மணித்தியாலம் பின்னே, கோடையில் மூன்றரை. உங்கள் நண்பகல் இங்கே காலை 7:30. காலை உணவு முடித்து 9 மணிக்கு ரத்து செய்பவர் நேரத்தோடு செய்ததாகவே நம்புவார்.

எண்களில் காற்புள்ளி வேண்டாம். '6,000' என்று விட்டால் இங்கே அது ஆறு, பின்னால் மூன்று தசமம். ஆயிரத்துக்குப் புள்ளிதான். நான் எழுதினால் இப்படி:

```
Check-in: dalle ore 12:00 del 10 gennaio 2026
Check-out: entro le ore 12:00 del 13 gennaio 2026
Cancellazione gratuita entro le ore 12:00
(ora indiana) del 7 gennaio 2026,
ossia le 7:30 in Italia.
Oltre tale termine, o in caso di mancato arrivo,
tratterremo la somma versata di 6.000 INR.
Cauzione: 2.000 INR all'arrivo, restituita
alla partenza salvo danni.
```

'மன்காத்தோ அர்ரீவோ' என்ற பகுதி, வராமலே இருந்துவிடுபவருக்கு. மூலத்தில் அது இல்லை. அதையும் உரிமையாளரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

முத்தையா:
விமானம் பற்றியும் ஒரு வரி வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வரும் பலர் நள்ளிரவுக்குப் பிறகுதான் சென்னையில் இறங்குகிறார்கள். 10ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு விடுதி வாசலில் நின்றால் அறை நண்பகலுக்குத்தான். 9ஆம் தேதி இரவையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று கடிதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

செல்வி:
உரிமையாளரிடம் கேட்டேன். விடுதி ரத்து செய்தால் 6,000 மட்டும் திரும்பும், இரட்டிப்பு கிடையாது என்கிறார். கபார்ராவை எடுத்துவிட்டேன். வராதவருக்கும் அதே விதி என்று ஒப்புக்கொண்டார். அதிகாலை வரவுக்குத் தனி வரி சேர்க்கிறேன்.

ஆனால் காப்புத்தொகை விஷயத்தில் புதுச் சிக்கல். ரொக்கம் இல்லாதவரிடம் 2,000 ரூபாயைக் கார்டில் எடுக்காமல் நிறுத்தி மட்டும் வைப்பார்களாம். இத்தாலியனில் அது 'ப்ரேஅவுத்தோரிட்ஸாட்ஸியோனே' என்று தெரிகிறது. தமிழில்?

அருள்மொழி:
'முன்னனுமதி' என்றால் அரசு அலுவலக வாடை அடிக்கிறது. 'தொகை நிறுத்தம்' பொருந்துமா? பணம் போகவில்லை, நிற்கிறது என்பது அதில் தெரிகிறது.

குமரன்:
'நிறுத்தம்' என்றதும் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. 'தொகைப் பிடிப்பு' என்று பார்க்கலாமா?

ரவீந்திரன் (பலெர்மோ):
பிடிப்பு என்றால் கழித்துவிட்டதாகப் படும். சம்பளத்தில் பிடித்தம் என்பார்களே. நான் நிறுத்தத்தின் பக்கம். உறுதி அச்சாரமா வெறும் அச்சாரமா என்பதும் இன்னும் முடியவில்லை; இரண்டையும் பட்டியலில் கேள்விக்குறியோடு போட்டு வையுங்கள்.