புதுப்பிப்பு: முதல் ஆய்வுக்கட்டுரையும் நூலகர் மேடமும்

போன வாரம் நான் கேட்டது: "முதலாம் ஆண்டு உயிரியல். டிஎன்ஏ பத்தி வாட்சன், கிரிக் 1953ல எழுதின கட்டுரையைப் படிச்சுட்டு வரச் சொன்னாங்க. ரெண்டாவது பத்தியிலேயே தலை சுத்துது. எப்படிப் படிக்கிறது?"

ரூம்மேட் சொன்ன மாதிரி சுருக்கத்தை மட்டும் படிச்சுட்டுப் போயிடலாம்னு நூலகம் போனேன். இதுல சுருக்கமே கிடையாது! முழிச்சுட்டு இருந்தப்ப நூலகர் மேடம் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க.

"படத்துல ஆரம்பிம்மா." ரெண்டு நாடா, நடுவுல குறுக்குக் கம்பிகள். நாடா சர்க்கரை-பாஸ்பேட் சங்கிலி, கம்பி கார இணைகள்னு கீழேயே போட்டிருக்கு.

அப்புறம் பென்சிலைக் கொடுத்தாங்க. "இவங்க சொல்றதுக்குக் கோடு போடு. மத்தவங்க சொன்னதுக்குப் புள்ளி வை." என் தலையைச் சுத்த வச்ச பத்தியில முதல்ல புள்ளி, அப்புறம் கோடு! பாலிங், கோரிங்கற வேற ரெண்டு விஞ்ஞானிகள் சொன்ன மூணு சங்கிலி அமைப்பும், அது ஏன் சரிவராதுன்னு இவங்க சொல்றதும்தான் அங்க இருக்கு.

"அப்ப நிரூபிச்சது எங்க மேடம்?"

"நீயே தேடு."

ரெண்டாவது பக்கத்துல கிடைச்சது. இன்னும் துல்லியமான முடிவுகளோட ஒத்துப்பார்க்கிற வரைக்கும் இது நிரூபணமாகாததுதான்னு அவங்களே எழுதியிருக்காங்க.

கட்டுரையில வர்ற எக்ஸ்ரே சமாச்சாரம் இன்னும் புரியல. "அது என் பாடம் இல்லம்மா, இயற்பியல் சார்கிட்ட கேளு"ன்னுட்டாங்க.

கட்டுரை போட எவ்வளவு ஆகும்னு கேட்டவருக்கு: அண்ணா, நான் எழுதல, படிக்கத்தான் போனேன்.