11 ஸ்டைலில் இருந்து 6 ஸ்டைலுக்கு: இரண்டு சீசனில் நான் கற்றுக்கொண்டது. உங்கள் அனுபவம்?

சத்துவாச்சாரி தையல்

வீட்டு மாடியில் சின்னதாகப் பெண்கள் உடை லேபிள் நடத்துகிறேன். முதல் சீசனில் லைன் பிளான் என்று எதுவும் போடவில்லை. காட்பாடியில் ரயில் ஏறி ஈரோடு ஜவுளிச்சந்தைக்குப் போனேன், கண்ணுக்குப் பிடித்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். 9 வகைத் துணி, ஒவ்வொன்றும் 20 மீட்டர். அதில் 11 ஸ்டைல், மொத்தம் 72 உருப்படி.

கணக்கு எங்கே உதைத்தது என்றால், ஒரு ஸ்டைலுக்கு எட்டு உருப்படிதான் வந்தது. சில ஸ்டைலுக்கு நாலுதான். எட்டை ஐந்து சைசுக்குப் பிரித்தால் M, L, XL இரண்டிரண்டு, S, XXL ஒவ்வொன்று. முதல் ஸ்டாலிலேயே M, L போய்விட்டது. அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் ஹேங்கரைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “இது என் சைஸ்ல இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஸ்டைல் நிறைய இருந்தது, யாருக்கும் சைஸ் இல்லை. ஒரு ரோஸ் குர்த்தி ஒரே நாளில் தீர்ந்தது. அதே துணிக்காகத் திரும்பப் போனால் அந்த லாட் முடிந்துவிட்டது என்றார்கள்.

பேட்டர்ன், சாம்பிள், போட்டோ என்று ஒரு ஸ்டைலுக்கு எனக்கு 1,500 ரூபாய் ஆகிறது. 11 ஸ்டைலுக்கு 16,500. ஒரு உருப்படி தலையில் 229 ரூபாய், தையல் கூலிக்கு முன்னாலேயே. இது போக 22 மீட்டர் பிட் துணி மிச்சம், ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டராக. ஒன்றோடொன்று சேராது.

இரண்டாவது சீசனில் துணி மூன்றே மூன்று: பிளைன் நேவி, குடியாத்தத்தில் லுங்கிக்கு நெய்கிற கட்டத் துணி, வெள்ளையில் நேவி பிரிண்ட். மூன்றிலும் நேவி ஓடும்படி பார்த்துக்கொண்டேன். ஸ்டைல் 6. முழங்கால் குர்த்தி பிரிண்டில் 8, குட்டை டாப் கட்டத்தில் 16, பிளைனில் 16, பிளைன் பேன்ட் 16, கட்டத்தில் அகலக் குலாட் 8, பிரிண்டில் கையில்லாத ஜாக்கெட் 8. அதே 72 உருப்படிதான். ஸ்டைல் செலவு உருப்படிக்கு 125 ரூபாயாக இறங்கியது.

மூன்று டாப், இரண்டு பாட்டம், ஜாக்கெட்டோடும் இல்லாமலும், ஆக 12 ஜோடி என்று போஸ்டில் பெருமையாகப் போட்டேன். அங்கேதான் மாட்டினேன், கீழே சொல்கிறேன். மற்றவர்கள் எத்தனை ஸ்டைலில் ஆரம்பித்தீர்கள்?

ராணிப்பேட்டை மெஷின்

லைன் பிளான் பற்றி நானும் சொல்றேன். என்கிட்ட ஆறு மெஷின். இரண்டு ஓவர்லாக். ஒருத்தர் கை மட்டும், ஒருத்தர் காலர் மட்டும் என்று பிரிச்சு உட்காரவைத்தால் உருப்படி வேகமாக வரும். அக்கா, உங்க லைன்ல எத்தனை பேர்?

சத்துவாச்சாரி தையல்

தம்பி, நான் சொன்னது மெஷின் வரிசை இல்லை. சீசனுக்கு என்னென்ன உடை, எந்தத் துணியில், எத்தனை என்பது.

ராணிப்பேட்டை மெஷின்

அப்படியா, சரி. ஆனா ஒன்று சொல்லிடறேன். எட்டு உருப்படி ஆர்டர் வந்தால் நாங்க முகம் சுளிப்போம். நூல் மாத்தணும், கட்டிங் மாஸ்டர் புது பேட்டர்ன் போடணும், தைக்கிறவங்களுக்கு முதல் இரண்டு உருப்படி கை வராது. கை வரும்போது ஆர்டர் முடிஞ்சிடும். அதனாலதான் கூலி ஏத்திச் சொல்றோம்.

காந்தி நகர் பொட்டிக்

துணிதான் பிரச்சினை, ஸ்டைல் இல்லை. நான் ஒரே துணியில் பத்து ஸ்டைல் போடுவேன். பார்க்கிறவர்களுக்குப் புதுசு புதுசாகத் தெரியும், துணியும் வீணாகாது.

ஆற்காடு மெர்ச்சன்டைசர்

20 வருடம் திருப்பூரில் எக்ஸ்போர்ட் மெர்ச்சன்டைசிங் பார்த்தவன். காந்தி நகர் அம்மா சொல்வதில் பாதி சரி. கழுத்து, கை, நீளம் மட்டும் மாறி உடம்பு பேட்டர்ன் ஒன்றாகவே இருந்தால் செலவு குறைவுதான். உடம்பே மாறினால் சைசுக்கு சைஸ் புதிதாகப் போட்டுப் பார்க்கவேண்டும். அப்போது பத்து ஸ்டைல் என்பது பத்துச் செலவு.

சத்துவாச்சாரி அம்மாவிடம் ஒரு கேள்வி. அந்த 12 ஜோடியைக் கட்டில்மேல் விரித்துப் பார்த்தீர்களா, காகிதத்தில் பெருக்கினீர்களா?

சத்துவாச்சாரி தையல்

காகிதத்தில்தான் சார். பிறகு தங்கையை நிற்கவைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். முழங்கால் குர்த்தி குலாட்டின்மேல் மூட்டை மாதிரி நின்றது. பிரிண்ட் ஜாக்கெட் கட்டத்தின்மேலும் பிரிண்ட்மேலும் கண்ணைக் குத்தியது, பிளைன் டாப்போடு மட்டும்தான் உட்கார்ந்தது. தேறினது 7 ஜோடி.

அதைவிட மோசம் ஒன்று. நேவியில் முதலில் 40 மீட்டர் வாங்கினேன், போதாமல் மறுவாரம் 24. மாடியில் டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. ஸ்டாலில் ஒரு அம்மா டாப்பையும் பேன்டையும் வெயிலில் பிடித்து, “ஒண்ணு வெளுத்த மாதிரி இருக்கே” என்றார். ஒன்று கருநீலம், இன்னொன்றில் லேசாகச் சிவப்பு அடித்தது. செட்டாக விற்கவேண்டியதைத் தனித்தனியாக விற்றேன்.

ஆற்காடு மெர்ச்சன்டைசர்

பிளைன் துணியில் இது எல்லாருக்கும் நடக்கும். பிரிண்ட், கட்டம் மன்னிக்கும், பிளைன் மன்னிக்காது. இரண்டு லாட் வந்தால் ஒரு முனையை இன்னொன்றின்மேல் மடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஜோடியாகப் போகிற டாப், பேன்ட் இரண்டையும் ஒரே லாட்டில் வெட்டுங்கள். இரண்டாவது லாட்டைக் கட்டத்தோடு போகிறதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 40 டாப்புக்கு 24 பாட்டம் அதிகம்மா. ஒரு பாட்டம் வாங்குகிறவர் அதோடு இரண்டு மூன்று டாப் மாற்றிப் போடுவார். நான் மூன்றுக்கு ஒன்று என்றுதான் ஆரம்பிப்பேன். எத்தனை மிச்சம்?

சத்துவாச்சாரி தையல்

பாட்டம் 11 சார். டாப் நாலுதான்.

ஆற்காடு மெர்ச்சன்டைசர்

பார்த்தீர்களா. அடுத்த முறை பிளைனை மொத்தமாக ஒரே லாட்டில் வாங்குங்கள், ஆனால் மூன்றில் ஒரு பங்கை வெட்டாமல் வையுங்கள். இரண்டு வாரம் விற்றுப் பார்த்து, எது ஓடுகிறதோ அதற்கு வெட்டுங்கள். வெட்டாத துணி எந்த ஸ்டைலாகவும் ஆகும். வெட்டினால் அவ்வளவுதான். ஆனால் முதலில் வெட்டியது, பிறகு வெட்டியது இரண்டையும் ஒரே மாதிரி நனைத்துக் காயவைத்து வெட்டவேண்டும். இல்லாவிட்டால் முதல் தவணை L, இரண்டாவது தவணை L இரண்டும் துவைத்த பிறகு வேறு வேறு அளவாகிவிடும்.

குடியாத்தம் கைலி

எங்க வீட்டில் ஆண்களுக்குச் சட்டை மட்டும். ஒரே பேட்டர்ன், ஏழு கட்டம். ஸ்டைல் எண்ணிக்கை ஒன்று. இதுக்கும் லைன் பிளான் வேணுமா? பெரிய கட்டத்தில் பாக்கெட்டும் முன்பக்கமும் பொருத்த, சட்டைக்குக் கால் மீட்டர் கூடுதலாகப் போகுது, அதுதான் எங்க தலைவலி.

ஆற்காடு மெர்ச்சன்டைசர்

உங்களுக்கு அந்த ஏழுதான் லைன். அதில் எத்தனை பெரிய கட்டம், எத்தனை சின்னது என்பதே பிளான். சின்னக் கட்டம் நாலு வைத்தால் அந்தக் கால் மீட்டர் பாதிக்குமேல் மிச்சமாகும்.

காந்தி நகர் பொட்டிக்

எல்லாம் சரி, செட்டாக விற்பதா தனியாகவா? எனக்கு வருகிற பெண்களில் பாதிப்பேர் மேலே L, கீழே XL கேட்கிறார்கள். செட்டாகக் கட்டிவைத்தால் பிரிக்கவேண்டியிருக்கிறது, மீதி அனாதையாக நிற்கிறது.

சத்துவாச்சாரி தையல்

எனக்கும் அதே குழப்பம்தான் அக்கா. தனியாக வைத்தால் போட்டோவில் சேர்த்துக் காட்டியும் பாதிப்பேர் டாப் மட்டும் எடுக்கிறார்கள். சார் என்ன சொல்கிறீர்கள்?

ஆற்காடு மெர்ச்சன்டைசர்

எக்ஸ்போர்ட்டில் அதை வாங்குகிறவன் முடிவு செய்துவிடுவான், நான் யோசித்ததே இல்லை. கட்டத்தில் டாப்பும் குலாட்டும் எட்டு செட்டாகத் தொங்கவிட்டு, பிளைனைத் தனியாக வைத்துப் பாருங்கள். ஆடியில் எது போகிறது என்று வந்து சொல்லுங்கள்.