பீட்டா எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை, ஆனால் சந்தை விழுந்தபோது நன்றாக அடிபட்டேன்

வெள்ளவத்தை_பங்காளி:
கொழும்புச் சந்தையில் மூன்று பங்குகள் வைத்திருக்கிறேன்: ஒரு வங்கி, ஒரு பெரிய குழும நிறுவனம், வாக்குரிமை இல்லாத ஒரு தோட்டக் கம்பனிப் பங்கு. மிச்சம் பணச்சந்தை நிதியில். சந்தை 1% அசைந்தால் என் கணக்கு எத்தனை சதவீதம் அசையும் என்பதுதான் பீட்டா. மொத்தப் பீட்டா 0.80 சுற்றி இருக்க வேண்டும், 0.90ஐத் தாண்டினால் மின்னஞ்சல் வர வேண்டும் என்று ஒரு விரிதாள் செய்தேன். தினமும் கணக்கின் மொத்த மதிப்பு எத்தனை சதவீதம் மாறியது என்று எழுதி, கொழும்புச் சந்தையின் எல்லாப் பங்குகளுக்குமான சுட்டெண் ஏஎஸ்பிஐயின் தினசரி மாற்றத்துடன் `SLOPE` போடுகிறேன். இரண்டு வருடமாக 0.61 என்கிறது. போன மாதம் ஒரே வாரத்தில் ஏஎஸ்பிஐ 4% விழுந்தது. நான் 2.4% இழப்பேன் என்று நினைத்தேன், போனது 3.6%. சூத்திரத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன், பிழை தெரியவில்லை.

கோட்டை_கணக்கு:
ஏஎஸ்பிஐயில் நாள்கணக்கில் கைமாறாத பங்குகளும் சேர்ந்திருக்கின்றன. அதை விட்டுவிட்டு 20 பெரிய நிறுவனங்களின் சுட்டெண்ணான எஸ்&பி எஸ்எல்20 உடன் ஒப்பிடுங்கள், சரியாகிவிடும்.

கடன்காரன்:
எனக்கும் இதேதான். தரகரிடம் 4 லட்சம் கடன் வாங்கி 10 லட்சத்துக்குப் பங்கு வைத்திருக்கிறேன். பீட்டா 1 என்றுதான் காட்டுகிறது, ஆனால் அடி அதைவிடப் பெரிது.

புள்ளிவிவர_அக்கா:
கடன்காரன், உங்களுடையது வேறு கதை. உங்கள் சொந்தக் காசு 6 லட்சம்தானே? 10ஐ 6ஆல் வகுங்கள், உண்மையான பீட்டா 1.67. தனி இழை போடுங்கள்.

வெள்ளவத்தை தம்பி, சூத்திரம் சரி, அதற்குள் போடும் எண்கள்தான் கோளாறு. அந்தத் தோட்டப் பங்கு ஒரு வாரத்தில் எத்தனை நாள் கைமாறுகிறது?

வெள்ளவத்தை_பங்காளி:
இரண்டு நாள். சில வாரம் ஒரு நாள்தான்.

புள்ளிவிவர_அக்கா:
அதுதான். கைமாறாத நாளில் பழைய விலையே நிற்கும், உங்கள் தாளில் மாற்றம் 0% என்று விழும். திங்களன்று சந்தை இறங்கினால் இந்தப் பங்கு வியாழனன்றுதான் இறங்கும். தினசரிக் கணக்குக்கு இரண்டுக்கும் தொடர்பே இல்லாத மாதிரித் தெரியும். கோட்டை சொன்னது பாதி சரி, ஏஎஸ்பிஐயிலும் பழைய விலைகள் உண்டு. ஆனால் சுட்டெண்ணை மாற்றினால் உங்கள் பங்கின் பழைய விலை புதிதாகிவிடாது. புதனுக்குப் புதன் வாராந்த மாற்றம் எடுங்கள். அன்று போயா விடுமுறை வந்தால் அதற்கு முந்தைய வணிக நாள். ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனியாக, 104 வாரம், B ஏஎஸ்பிஐயின் மாற்றம், C பங்கின் மாற்றம்:

```
=SLOPE(C3:C106,B3:B106)
```

வெள்ளவத்தை_பங்காளி:
செய்தேன். வங்கி 1.30, குழுமம் 1.10. தோட்டம் தினசரியில் 0.20 காட்டியது இப்போது 0.60! ஆனால் தனித்தனியாக எதற்கு? மொத்தக் கணக்கையே வாராந்தமாகப் போட்டால் போதாதா?

புள்ளிவிவர_அக்கா:
போதாது. கணக்கின் பழைய மதிப்புகளில் பழைய பங்கீடு இருக்கிறது. நீங்கள் கேட்பது இன்றைய பங்கீட்டின் பீட்டா. தொடங்கியபோது என்ன வைத்திருந்தீர்கள், இப்போது என்ன?

வெள்ளவத்தை_பங்காளி:
அப்போது வங்கி 2.5, குழுமம் 2.5, தோட்டம் 3, நிதி 2 லட்சம். இப்போது 5, 3.1, 2.7, 2.1.

புள்ளிவிவர_அக்கா:
தொடக்கத்தில் 0.78, நீங்கள் நினைத்ததற்குக் கிட்ட. இப்போது 12.9 லட்சத்தில் வங்கி மட்டும் 39%. பீட்டா 0.89. நீங்கள் எதையும் வாங்கவில்லை, வங்கி ஏறியதே உங்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. 4% வீழ்ச்சிக்கு 3.6% வருகிறது பாருங்கள், ஆனால் ஒரு வாரப் பொருத்தத்தை நிரூபணமாக எடுக்காதீர்கள்.

```
=SUMPRODUCT(E2:E5,F2:F5)
```

E பங்கீடு, F பீட்டா. நிதிக்கு 0 போடுங்கள்.

கோட்டை_கணக்கு:
அப்போ 0.90 மணி இப்பவும் அடிக்காதே?

புள்ளிவிவர_அக்கா:
ஆமாம், நூலிழையில். இங்கேதான் கவனம் வேண்டும். 104 வாரத்தில் எடுத்த பங்கின் பீட்டாவில் கூட்டல் கழித்தல் 0.1 சாதாரணமாக வரும், தோட்டத்துக்கு இன்னும் கூட. F நிரலை வாராவாரம் புதுப்பித்தால் மணி காரணமில்லாமல் அடிக்கும், நிற்கும். நான் F நிரலை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவேன், E நிரலைத் தினமும். அப்படியானால் இடையில் மணி அடித்தால் பங்கீடு நகர்ந்தது என்றே அர்த்தம். உங்களுக்கு 0.86ஐ இரண்டு வெள்ளிக்கிழமை தொடர்ந்து தாண்டினால் அடிக்கட்டும், 0.82க்குக் கீழே வந்தால்தான் அடங்கட்டும்.

கோட்டை_கணக்கு:
104 வாரம் ஏன்? ஐந்து வருடம் எடுத்தால் இந்தப் பிழை குறையுமே.

புள்ளிவிவர_அக்கா:
குறையும். ஆனால் நெருக்கடிக் காலத்துப் பெரிய ஏற்ற இறக்கங்கள் உள்ளே வந்தால் `SLOPE` தரும் எண்ணை அவையே முடிவு செய்துவிடும். 2022 ஏப்ரல் 18 இலிருந்து சந்தை ஒரு வாரம் மூடியே கிடந்தது, அந்த வரிசையை என்ன செய்வீர்கள்? இதில் எனக்கும் தீர்மானமான பதில் கிடையாது.

வெள்ளவத்தை_பங்காளி:
சரி அக்கா, E நிரலை மாற்றிவிட்டேன். வங்கியில் 1 லட்சம் விற்று நிதியில் போட்டால் 0.79 வருகிறது. விற்கத்தான் மனம் வரவில்லை, ஏறிக்கொண்டே இருக்கிறது.

கடன்காரன்:
1.67ஆ? உண்மையாகவா?