ஹெல்மெட் பட்டை உரசும் இடத்தில் என்ன செய்கிறீர்கள்?

வணக்கம் தோழிகளே. நகைக்கடையில் வேலை, மேக்கப் கட்டாயம். காலையில் 40 நிமிடம் ஸ்கூட்டி. ஹெல்மெட்டைக் கழற்றினால் தாடைக்குக் கீழே ஃபவுண்டேஷன் கோடு கோடாக அழிந்திருக்கும், பாதி பட்டையில் ஒட்டியிருக்கும். அதுகூடப் பரவாயில்லை. இப்போது அந்த இடம் சிவந்து எரிகிறது, ஆறிய பிறகு கறுத்துப்போகிறது.

முதலில் வாஸ்லின் தடவினேன். உரசல் குறைந்தது, ஆனால் மேலே போட்ட மேக்கப் மொத்தமும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அப்புறம் பவுடரை அள்ளிப் பூசினேன். வியர்வை பட்டதும் திட்டுத் திட்டாகிவிட்டது (கண்ணாடியைப் பார்க்கவே பயம்!). ஓரளவு பலித்தது ஒன்றுதான்: பட்டை படும் இடத்தில் சன்ஸ்கிரீன் மட்டும் தடவி, 15 நிமிடம் காயவிட்டுக் கிளம்புகிறேன். கடைக்குப் போய் வியர்வையை ஒற்றி எடுத்துவிட்டு அங்கே மட்டும் ஃபவுண்டேஷன் போடுகிறேன். பட்டைக்குப் பழைய காட்டன் துணியில் உறை தைத்து தினமும் துவைக்கிறேன்.

பட்டையைத் தளர்த்தச் சொல்லாதீர்கள், விழுந்தால் ஹெல்மெட் கழன்றுவிடும்.

சிவந்த இடத்தில் மைக்ரோபோர் டேப் ஒட்டிக்கொண்டு ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? பிரிக்கும்போது தோல் உரிகிறதா? கறுப்பு மங்க எத்தனை நாள் ஆனது?