தண்ணீர்த் தொட்டி சென்சார் திடீரென 412 காட்டுகிறது, பம்ப் தானாக ஓடுகிறது

ஆயர் ஈத்தாமிலிருந்து:
மாடித் தொட்டியில் JSN-SR04T ஒலியலைச் சென்சார் வைத்து, ESP32-இல் 2 விநாடிக்கு ஒரு முறை தூரம் படிக்கிறேன். தூரம் 140 செ.மீ. தாண்டினால் தொட்டி காலி என்று பம்ப் ஓட வேண்டும். வரும் அளவுகள் இப்படி: 82, 83, 82, 412, 83. ஐந்தின் நகரும் சராசரி போட்டும் பம்ப் ஓடிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பிறையிலிருந்து:
ஐந்து போதாது தம்பி, இருபதுக்குச் சராசரி போடு. 412 கரைந்துவிடும்.

பாயான் லெப்பாஸிலிருந்து:
இருபது போட்டால் பம்ப் ஓடாது, அது சரிதான் அண்ணா. ஆனாலும் 82 இருக்கவேண்டிய இடத்தில் 99 வரும். அந்த 412 வரிசையை விட்டு வெளியேறும்வரை, அதாவது 40 விநாடிக்கு, அதே தவறு நீடிக்கும். சராசரியில் எல்லா எண்ணுக்கும் பங்கு உண்டு. உங்கள் ஐந்தின் கூட்டல் 742, ஐந்தால் வகுத்தால் 148. பம்ப் ஓடியதற்குக் காரணம் அதுதான்.

மீடியன் போட்டுப் பாருங்கள். வரிசைப்படுத்தினால் 82, 82, 83, 83, 412. நடுவில் 83. கடைசி எண் 412 ஆனாலும் 4000 ஆனாலும் நடு எண் அசையாது.

```
int b[5];
memcpy(b, r, sizeof(b));
std::sort(b, b + 5);
int d = b[2];
```

கடைசி ஐந்து அளவுகள் இருக்கும் `r`-ஐ நேரடியாக வரிசைப்படுத்தாதீர்கள். எது பழைய அளவு என்பது குழம்பி, அடுத்த புது அளவு தவறான இடத்தில் போய் உட்காரும். நகல்தான் எடுக்க வேண்டும்.

82, 83 என்று ஆடும் சின்ன ஆட்டத்தை மீடியன் அவ்வளவாக அடக்காது. அது உறுத்தினால் மீடியனுக்குப் பிறகு சராசரி போடுங்கள். முதலில் சராசரி போட்டால் 412 எல்லாவற்றிலும் கலந்துவிடும், அப்புறம் பிரிக்க முடியாது.

பட்டர்வொர்த்திலிருந்து:
என் குளிர்பெட்டியில் DS18B20 அவ்வப்போது 85 டிகிரி காட்டுகிறது. இதற்கும் மீடியன்தானே?

பாயான் லெப்பாஸிலிருந்து:
உங்கள் கதை வேறு அக்கா. மின்சாரம் வந்ததும் அந்தச் சென்சாரில் இருக்கும் ஆரம்ப எண்ணே 85. 12 பிட்டில் அளக்க 750 மில்லிவிநாடி வரை ஆகும், அதற்குமுன் படித்தால் அதுவே வரும். மீடியன் அதை மறைக்கும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும். காத்திருந்து படியுங்கள். அப்படியும் வந்தால் மின் இணைப்பைச் சோதியுங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து:
மீடியன் போட்டேன் அண்ணா. ஒற்றை 412 வந்தாலும் பம்ப் அசையவில்லை. ஆனால் தொட்டி நிரம்பும்போது 31, 34, 30 என்று தொடர்ந்து மூன்று வருகிறது, மீடியனும் 34 என்கிறது.

பாயான் லெப்பாஸிலிருந்து:
ஐந்தில் இரண்டு கெடும்வரைதான் தாங்கும், மூன்று கெட்டால் நடு எண்ணே கெட்டதாகிவிடும். ஏழாக்கினால் மூன்றைத் தாங்கும், ஆனால் நிஜமான மாற்றம் தெரிய நான்கு அளவுகள் ஆகும். தொட்டிக்கு அது பெரிய தாமதமில்லை. ஆனால் 30 பக்கமே வருவதால், குழாயிலிருந்து விழும் தண்ணீரில் ஒலி பட்டுத் திரும்புகிறதோ என்று சந்தேகம். சென்சாரைக் குழாய்க்கு எதிர்மூலைக்கு மாற்ற இடம் இருக்கிறதா?

ஆயர் ஈத்தாமிலிருந்து:
எதிர்மூலையில் மிதவை வால்வு இருக்கிறது. சனிக்கிழமை மேலே ஏறி அளந்து சொல்கிறேன்.